வெள்ளவத்தைத் தொடர்மாடி: நாய் நடத்த, பூனை பார்க்க, செடிக்குத் தண்ணி விட எத்தனை வீடு எடுக்கலாம், என்ன கேட்கலாம்?

லேன்வாசி
வணக்கம். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இருக்கிற 11 மாடிக் கட்டடம் ஒன்றில் இருக்கிறேன். இப்போது நாலு வீட்டில் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் கட்டடத்தில் 9ஆம் மாடியில் 4 வயது லாப்ரடோர், 3ஆம் மாடியில் ஒரு ஷிட்சூ. இரண்டு வீட்டிலும் எல்லாரும் ஏழரைக்கு முன் வேலைக்கு வெளிக்கிட்டுவிடுவார்கள், விடிய நடத்திவிட ஆள் வேண்டுமாம். மூன்றாவது பம்பலப்பிட்டியில் ஒரு பக் நாய், அவர்களுக்கும் விடியத்தான் வேண்டும். நாலாவது 6ஆம் மாடிக் குடும்பம். நல்லூர்த் திருவிழாவுக்கு 12 நாள் யாழ்ப்பாணம் போகிறார்கள். ஒரு ஆண் பூனை, பல்கனியில் 14 பூச்சாடி.

நாலையும் எடுக்கலாமா? காசு எப்படிக் கேட்பது? நாய் பூனையோடு பழக்கம் உண்டு, காசுக்குச் செய்ததில்லை.

கொள்ளுப்பிட்டி மச்சான்
யோசிக்காமல் நாலையும் எடுங்கோ அக்கா. ஒரு நடைக்கு 800 ரூபா வையுங்கோ. மூன்று நாயையும் ஒன்றாகக் கொண்டு போனால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடியும், காசு மூன்று மடங்கு.

திறப்புக்கோர்வை
800 என்ற தொகை சரி, மற்றது சரிவராது. முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கோ அக்கா. இந்த வேலையில் விற்பது நேரம்தான், அதுவும் வெயில் ஏறாத நேரம்.

ஒரு நாய்க்கு 25 நிமிட நடை என்று சொன்னாலும் உங்களுக்குப் போவது 45 நிமிடம். மேலே போய்க் கதவு திறந்து பட்டி மாட்டி, லிஃப்டுக்கு நின்று இறங்கப் பத்து நிமிடம். திரும்பி வந்து கால் கழுவித் துடைத்து, தண்ணி வைத்து, வீட்டுக்காரருக்கு ஒரு படம் அனுப்பி, கதவு பூட்டி வர இன்னும் பத்து. கொழும்பில் ஏழரைக்குப் பிறகு நிழல் இல்லாத வீதியில் நாய் நடத்தக்கூடாது. ஐந்தே முக்காலுக்குத் தொடங்கினால் ஏழேகாலுக்குள் இரண்டு நாய்தான். லாப்ரடோரும் ஷிட்சூவும் ஒரே கட்டடம் என்பதால்தான் அந்த இரண்டும் முடிகிறது. பம்பலப்பிட்டி பக் நாய்க்கு விடிய இடமே இல்லை.

ஒன்றாக நடத்துவது ஒரே வீட்டு நாய்களுக்குச் சரி. வேறு வேறு வீட்டு நாய்களை முதல் மாதத்தில் சேர்க்க வேண்டாம். தெருநாய் வந்து நின்றால் லாப்ரடோர் முன்னால் இழுக்கும், ஷிட்சூ பின்னால் இழுக்கும், நடுவில் உங்களுக்கு இரண்டு கைதான். காயம் பட்டால் இரண்டு வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

காசுக் கணக்கு: ஞாயிறு விட்டு மாதம் 26 நடை. 800 வீதம் ஒரு நாய்க்கு 20,800, இரண்டுக்கு 41,600. நடைக்கு நடை வாங்காமல் மாத முற்பணமாக வாங்குங்கோ. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை இருக்கிறது, அந்த நாட்களில் காசு வெட்டத் தொடங்கினால் நிலையான வருமானம் என்று ஒன்றில்லை. பதிலுக்கு, கொட்டுகிற மழையில் கீழ்த்தளக் கார்ப் பார்க்கில் நாயை மூத்திரம் போக விட்டு, வீட்டுக்குள் 15 நிமிடம் விளையாட்டுக் காட்டுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கோ. வீட்டுக்காரர் விடுமுறையில் நாயையும் கொண்டு போனால் பாதிக் காசு, அந்த நேரத்தை அவர்களுக்காக ஒதுக்கி வைத்திருப்பதற்கு.

லேன்வாசி
இப்படி யோசிக்கவில்லை, நன்றி. பக் வீட்டுக்காரர் பாவம், மிகவும் கேட்கிறார். பின்னேரம் எடுக்கலாமா?

திறப்புக்கோர்வை
எடுக்கலாம், வெயில் சாய்ந்து ஆறு மணிக்குப் பிறகு. பகலெல்லாம் சூடேறிய தாரும் கொங்கிரீட்டும் ஆறுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். புறங்கையை நிலத்தில் வைத்து ஏழு வரை எண்ணுங்கோ. பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும்.

விலை உங்கள் கட்டடத்து விலை இல்லை. 800 ரூபாவுக்கு 45 நிமிடம் கொடுக்கிறீர்கள். பின்னேரக் காலி வீதி நெரிசலில் போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் பக் நாய்க்கு 75 நிமிடம் போகும். அதே வீதத்தில் 1,330 வருகிறது, பஸ் காசும் சேர்த்து 1,400 கேளுங்கோ. அது கூட என்று அவர் நினைத்தால், அவருடைய கட்டடத்திலேயே ஆள் தேடுவதுதான் அவருக்கும் நல்லது.

பேராதனை மாணவி
மிருக வைத்தியம் படிக்கிறேன். பக் நாய் என்றதால் ஒன்று சொல்ல வேண்டும். நாய்க்கு மனிதர் போல உடம்பால் வியர்த்துச் சூடு இறங்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைக் குறைக்க வேண்டும். கொழும்புக் காற்றில் ஈரம் கூட, அதனால் இளைப்பதால் கிடைக்கும் பலனும் குறைவு. பக், புல்டோக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுக்குழாய் பிறப்பிலேயே ஒடுக்கம். ஆகவே வெயில் இல்லாத நேரத்திலும் புழுக்கமாக இருந்தால் அவை விழும்.

15 நிமிடம் போதும், ஓட்டம் வேண்டாம், கழுத்தில் பட்டி போட்டு இழுக்கவே வேண்டாம், மார்புப் பட்டிதான். மூச்சு குறட்டை போலச் சத்தமாகி, நாக்கு அகன்று கடும் சிவப்பாகி, எச்சில் கொழகொழவென்று நூலாக வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கோ. நிழலுக்குக் கொண்டு போய் வயிறு, தொடை, காது எல்லாம் சாதாரணத் தண்ணி ஊற்றிக் காற்றுப் படவிட வேண்டும். ஈரத் துவாயால் மூடி வைக்கக்கூடாது, சூடு உள்ளே தங்கிவிடும். தள்ளாடினால், சத்தி எடுத்தால் தண்ணி ஊற்றிய கையோடு ஓட்டோவில் வைத்தியரிடம். வீட்டுக்காரர் அழைப்பு எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். அதற்குத்தான் முதல் நாளே “அவசரத்தில் இந்த வைத்தியரிடம் கொண்டு போகலாம், செலவு என்னுடையது” என்று வட்ஸ்அப்பில் எழுதி வாங்கி வைக்க வேண்டும்.

தெஹிவளை ராணி
நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. ஊருக்குப் போகிறவர்களின் நாய்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்கலாம்? கூண்டு வாங்க வேண்டுமா?

திறப்புக்கோர்வை
ராணி அக்கா, அது வேறு வேலை. இங்கே கேட்பது விலங்கை அதன் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது பற்றி. உங்கள் வீட்டுக்குள் வெளி நாய் வந்தால் தடுப்பூசி அட்டை பார்க்க வேண்டும், உண்ணி, பார்வோ வைரஸ் என்று ஒரு நாய் கொண்டுவருவது மற்ற நாய்க்கும் போகும். குட்டி நாயை எடுக்கவே வேண்டாம். கூண்டைப் பற்றி யோசிக்க முன், குரைச்சல் வந்தால் அயலவர் என்ன சொல்வார் என்று கேட்டுப் பாருங்கோ. தனி இழை தொடங்கினால் வந்து எழுதுகிறேன்.

லேன்வாசி
எங்கள் கட்டடத்தில் நாயை சேர்விஸ் லிஃப்டில்தான் கொண்டு போக வேண்டும். அந்தக் கதவு டக்கென்று மூடும், அதுதான் எனக்குப் பயம்.

திறப்புக்கோர்வை
பயப்படுவது சரி. இந்த வேலையில் மிக மோசமான விபத்து லிஃப்டில்தான் நடக்கும். நீங்கள் உள்ளே, நாய் வெளியே, நடுவில் வார். மெல்லிய வாரைக் கதவின் உணரி கண்டுபிடிக்காது, லிஃப்ட் கிளம்பிவிடும், நாய் கழுத்தில் தொங்கும்.

ஆகவே நீண்டு சுருங்குகிற வாரை எடுக்கவே வேண்டாம், வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்தாலும். நாலடி துணிவார் போதும். வீட்டுக் கதவைத் திறக்க முன்னமே பட்டி, வார் எல்லாம் மாட்டி முடிய வேண்டும். பட்டிக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையலாம், மூன்று நுழைந்தால் பயந்த நாய் பின்வாங்கி உருவிக்கொண்டு ஓடும். வாரை மார்புப் பட்டியில் கொழுவி, ஒரு சின்னக் கொக்கியால் மார்புப் பட்டியையும் கழுத்துப் பட்டியையும் இணைத்துவிடுங்கோ. ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும்.

லிஃப்ட் வந்தால் கதவிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நில்லுங்கோ. உள்ளே இருப்பவர்கள் இறங்கட்டும். வாரை முழங்கைவரை சுருக்கி, நாய் உங்கள் காலோடு ஒட்டியிருக்க, இரண்டு பேரும் ஒரே எட்டில் உள்ளே போக வேண்டும். முழு நாயும் உள்ளே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பி மாடி இலக்கத்தை அழுத்துவது. இறங்கும்போதும் அதே போலத்தான். கையில் போன் இருக்கவே கூடாது.

மரைன்டிரைவ்
லிஃப்டைவிட எனக்குப் பிரச்சினை தெருநாய்கள். கடற்கரைப் பக்கம் விடிய ஒரு கூட்டமே நிற்கும். நான் மாரி பிஸ்கட் போட்டுப் பழக்கியிருக்கிறேன். இப்போது வாலை ஆட்டிக்கொண்டு வரும். அக்காவும் அப்படிச் செய்யலாம்.

பேராதனை மாணவி
தனியாகப் போய்ப் பழக்கினால் சரி. வாடிக்கையாளரின் நாய் பக்கத்தில் நிற்கும்போது பிஸ்கட் போட்டால் சாப்பாட்டுக்காகச் சண்டை பிடிக்கும், நடுவில் நிற்பது உங்கள் கால். வாலை ஆட்டி வருவது உங்களுக்காக, கூட வருகிற நாய்க்காக அல்ல.

கடிபட்டால், சின்னக் கீறல் என்றாலும் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணியில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே பெரியாஸ்பத்திரிக்கோ களுபோவிலைக்கோ போக வேண்டும். விசர்நாய்க்கடி நோய்க்கு அறிகுறி வந்த பிறகு வைத்தியம் இல்லை. தொடர்ந்து இந்த வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே போடுகிற தடுப்பூசியைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கோ. அதைப் போட்டிருந்தாலும் கடிபட்டால் திரும்பப் போகத்தான் வேண்டும். லாப்ரடோர், ஷிட்சூ இரண்டினதும் ஊசி அட்டையைப் படம் எடுத்து வைக்காமல் முதல் நடை போகாதீர்கள்.

மரைன்டிரைவ்
எனக்கு இதுவரை பிரச்சினை வந்ததில்லை. பழக்கின நாய் கடிக்காது என்பதுதான் என் கருத்து.

திறப்புக்கோர்வை
அதில் நாங்கள் ஒத்துப்போகப் போவதில்லை. லேன்வாசி அக்கா, தெருநாய்க்கும் தன் எல்லை உண்டு, அநேகமாக ஒழுங்கை வாய், குப்பை வைக்கும் இடம், தேநீர்க் கடை வாசல். ஒரு தரம் நாய் இல்லாமல் அதே நேரத்தில் நடந்து பார்த்து, எது எங்கே படுக்கிறது என்று குறித்துக்கொண்டு பாதையைத் தெரிவுசெய்யுங்கோ. கண்டதும் ஓடவும் வேண்டாம், ஷிட்சூவைத் தூக்கவும் வேண்டாம். தூக்கினால் அவை உங்கள் மேல் பாயும். முன்னமே மறுபக்கம் கடந்து, நாயை வீதி ஓரத்துப் பக்கம் எடுத்து, நடையைக் குறைக்காமல் போங்கோ. கையில் குடை இருக்கட்டும். கிட்ட வந்தால் அவற்றின் பக்கம் சடாரென்று விரித்தால் அநேகமானவை நின்றுவிடும். ஆனால் உங்கள் நாயும் பயப்படும், ஆகவே வீட்டுக்குள் குடையை விரித்து மடித்து முன்பே பழக்கிவிடுங்கோ.

பூச்சாடி மாமி
நாயைப் பற்றியே கதைக்கிறீர்கள், 14 சாடியை ஒருவரும் கேட்கவில்லை. என்னென்ன செடி, எந்த மண் பிள்ளை?

லேன்வாசி
மாமி, அந்தூரியம் 4, பாம்புக் கற்றாழை 3, மணிப்பிளான்ட் 3, அரிக்கா பாம் 2, கறிவேப்பிலை ஒன்று, ஓர்க்கிட் ஒன்று. பெரும்பாலும் தும்புத்தூள் கலந்தது. எல்லாவற்றுக்கும் நாளுக்கு ஒரு தரம் தண்ணி விடச் சொன்னார்கள்.

கொள்ளுப்பிட்டி மச்சான்
தினம் எதற்கு? சாடிக்குக் கீழே இருக்கிற தட்டை நிரப்பிவிடுங்கோ, செடி தானே உறிஞ்சிக் குடிக்கும். கிழமைக்கு ஒரு தரம் போனால் போதும்.

பூச்சாடி மாமி
உறிஞ்சும் என்பது உண்மை தம்பி. ஆனால் அந்தத் தட்டில்தான் டெங்கு நுளம்பு முட்டை இடும். நம் வெக்கையில் முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். நீ சொன்ன இடைவெளியில் ஒரு தலைமுறையே வளரும். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வீட்டில் இருப்பவர்தான் பொறுப்பு, பரிசோதனைக்கு வந்தால் ஊருக்குப் போன குடும்பம் வழக்கைச் சந்திக்கும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், ஆகவே தண்ணியைக் கொட்டினால் போதாது, தும்புத் துண்டால் ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

லேன்வாசி பிள்ளை, “தினம் ஒரு தரம்” என்று சொன்னதை அப்படியே செய்தால் பாம்புக் கற்றாழை மூன்றும் அழுகும். தும்புத்தூள் மேலே உலர்ந்து மண்ணிறமாகத் தெரியும், கீழே சதசதவென்று இருக்கும். மேலே பார்த்து முடிவெடுக்காதே. விரலை இரண்டாம் கணு வரை விடு. ஈரம் ஒட்டினால் விடாதே. பெரிய சாடிக்கு ஒரு பக்கம் சாய்த்துத் தூக்கிப் பார். தண்ணி விட்ட சாடியின் பாரம் கைக்கு இரண்டு நாளில் பழகிவிடும்.

12 நாளுக்குக் கணக்கு இப்படி வை. அந்தூரியம், கறிவேப்பிலை, அரிக்கா: இரண்டு நாளைக்கு ஒரு தரம் விரல் வைத்துப் பார்த்து. மணிப்பிளான்ட்: நாலு நாளைக்கு ஒரு தரம். பாம்புக் கற்றாழை: வந்த அன்று ஈரம் இருந்தால் 12 நாளும் ஒன்றுமே வேண்டாம். ஓர்க்கிட் கரித்துண்டிலோ தேங்காய் மட்டையிலோ இருந்தால் விடிய தினம் தெளி, இரவில் தெளிக்காதே. விடும்போது பத்து அங்குலச் சாடிக்கு ஒரு லீட்டர் அளவில் மெதுவாக, கீழே வழியும் வரை. பதினைந்து நிமிடம் கழித்துத் தட்டைக் கொட்டி விடு. அந்தப் பதினைந்து நிமிடத்தில் பூனை வேலை முடியும்.

கடல் பக்கப் பல்கனி என்றால் உப்புக் காற்றால் இலை ஓரம் காய்ந்து கபிலமாகும். தண்ணி போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினால் வேர்தான் அழுகும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் இலையைக் குழாய்த் தண்ணியால் கழுவிவிடு. முதல் நாளே ஒவ்வொரு சாடியையும் படம் எடு, ஏற்கெனவே இருந்த மஞ்சள் இலைக்கு உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. பூனை இருக்கிற வீடென்பதால் இன்னொன்று, அந்தூரியமும் மணிப்பிளான்டும் கடித்தால் வாய் எரியும். லில்லி மட்டும் இருந்தால் வேறு வீட்டில் வைக்கச் சொல், அது பூனையின் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

லேன்வாசி
மாமி, பெரிய உதவி. அப்படியானால் 12 நாளுக்கு எவ்வளவு கேட்பது? பூனைக்கு ஒரு நாளில் ஒரு தரம் போனால் போதுமா?

பேராதனை மாணவி
நல்ல ஆரோக்கியமான பூனைக்கு ஒரு தரம் போதுமானது, ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது. சாப்பாட்டைக் கொட்டிவிட்டு வராமல் பழைய பாத்திரத்தில் மீந்ததை அளந்து எழுதுங்கோ. ஆள் மாறினால் முதல் நாள் ஒளிந்துகொண்டு குறைவாகச் சாப்பிடும், அது பரவாயில்லை. இரண்டாவது நாளும் வாயே வைக்காவிட்டால் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பேறிப் படுத்துவிடும்.

ஆண் பூனை என்கிறீர்கள், மண்தட்டைக் கிளறி மூத்திரக் கட்டி எத்தனை என்று பாருங்கோ. கட்டியே இல்லை, தட்டில் போய்ப் போய் குந்துகிறது, முனகுகிறது என்றால் மூத்திரம் அடைத்திருக்கும். அது அடுத்த நாளுக்கு வைக்கிற விசயமில்லை, அன்றே வைத்தியர். வீட்டுக்காரர் போக முன் ஒரு நாள் நீங்கள் போய் அவர்கள் முன்னால் சாப்பாடு வைத்துப் பழக்கிவிட்டால் முதல் நாள் பயமும் குறையும்.

திறப்புக்கோர்வை
பூனைக்கு ஒரு நாளைக்கு 700 என்று 12 நாளுக்கு 8,400. செடிக்குத் தண்ணி விடும் நாட்கள் 6, அந்த நாட்களில் 400 கூட்டி 2,400. ஓர்க்கிட்டுக்குத் தெளிப்பது பூனை வேலையோடு போகும், அதற்குத் தனிக் காசு வேண்டாம். மொத்தம் 10,800. பாதி போகும் முன், மீதி வந்த பிறகு. ஓர்க்கிட் இருப்பதால் நாய் வேலை முடிந்த கையோடு ஏழரை எட்டு மணிக்குப் போங்கோ. ஓர்க்கிட் இல்லாத பூனை வீட்டுக்குப் பத்து மணிக்குப் பிறகும் போகலாம். நாய்க்கு விடியற்காலையும் மாலையும், நடுவில் பூனையும் செடியும். இரண்டும் ஒன்றோடொன்று மோதாது. அந்த மாதிரி வீடுகளை அதே கட்டடத்தில் கூட்டுவதுதான் வழி, பம்பலப்பிட்டி பக்கம் போவதல்ல.

ஹவ்லொக் ஒன்பதாம் மாடி
வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் நிர்வாகக் குழு வெளியாள் வந்துபோனால் புத்தகத்தில் பதியச் சொல்கிறது. அதே கட்டடத்து ஆள் என்றால் விடுவார்கள், ஆனால் காசுக்குச் செய்வது தெரிந்தால் ஒருவர் முறைப்பாடு கொடுப்பார். முதலே ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பது நல்லது. திறப்பை செக்யூரிட்டியிடம் வைப்பதா, பார்க்க வருகிறவரிடமே கொடுப்பதா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் சண்டைதான்.

மரைன்டிரைவ்
செக்யூரிட்டியிடம் வைத்தால் பதிவு இருக்கும், ஏதாவது காணாமல் போனால் உங்கள் மேல் மட்டும் பழி வராது.

திறப்புக்கோர்வை
பதிவு இருக்கும், ஆனால் விடிய ஐந்தே முக்காலுக்கு இரவுக் காவலாளி மாறும் நேரம், பத்து நிமிடம் நிற்க வைப்பார்கள். நான் திறப்பை வாங்கி, அதில் வீட்டு இலக்கம் எழுதாமல் நிறத் துணி மட்டும் கட்டி, வாங்கியதற்கும் திருப்பிக் கொடுத்ததற்கும் வட்ஸ்அப்பில் ஒரு வரி போடச் சொல்வேன். உள்ளே கமரா இருந்தால் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

லேன்வாசி
6ஆம் மாடி வீட்டில் வாசலில் கமரா உண்டு, திறப்பு என்னிடமே தருகிறார்கள். பக் நாயைப் பின்னேரம் 6:15க்கு 1,400 என்று சொல்லியிருக்கிறேன், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். லாப்ரடோர் வீட்டில் நீண்டு சுருங்கும் வார்தான் இருக்கிறது. வாங்கச் சொல்லவா, நானே ஒன்று கொண்டு போகவா?

திறப்புக்கோர்வை
நீங்களே நாலடி வார் இரண்டு வாங்கி உங்கள் பையில் வையுங்கோ, கொக்கி பித்தளையாக இருக்கட்டும். கடல் காற்றில் இரும்புக் கொக்கி துருப்பிடித்து ஒரு நாள் திறந்துகொள்ளும். ஒவ்வொரு ஞாயிறும் கொக்கியின் ஸ்பிரிங்கை அழுத்திப் பாருங்கோ, மெதுவாக மூடினால் மாற்றிவிடுங்கோ.